படிப்பை நிலையாக வைத்தால் மறைவது சாதியா, நாமா?

சென்ற ஆண்டு என் முனைவர் பட்ட ஆய்வின் முன்னேற்றக் கூட்டம் நடந்தது. இளைஞர்களின் மாதச் சம்பளத்தில் சாதி உண்டாக்கும் இடைவெளி பற்றிய அத்தியாயத்தை முன்வைத்தேன். குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தார். "வெறும் இடைவெளியக் காட்டி என்ன பிரயோஜனம் தம்பி? படிப்ப கன்ட்ரோல் பண்ணுங்க. பெத்தவங்க வருமானத்த கன்ட்ரோல் பண்ணுங்க. அதுக்கப்புறமும் சாதின்னு ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க" என்றார்.

அன்றிரவே பண்ணிப் பார்த்தேன். சாதி என்ற வரிசைக்குப் பக்கத்தில் இருந்த மூன்று நட்சத்திரக் குறிகளும் காணாமல் போயின. எண் சுருங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்த கூட்டத்தில் அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "பாத்தீங்களா, இது சாதிப் பிரச்சினை இல்ல, படிப்புப் பிரச்சினை. அத்தியாயத்தோட தலைப்ப மாத்திடுங்க."

நான் தலைப்பை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. "கன்ட்ரோல் பண்ணினால் சாதி மறைந்துவிடுகிறது" என்ற வாக்கியம் வகுப்பறைகளைத் தாண்டித் தொலைக்காட்சி விவாதங்களுக்கும், இடஒதுக்கீட்டுக்கு எதிரான கட்டுரைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எண்களோடு வருவதால் நம்மில் பலர் அதன் முன் வாயடைத்து நிற்கிறோம். நிற்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் நான்கைந்து அம்புகளும் போதும், அந்த வாக்கியத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் அம்புகளை வரைவோம்

காரண ஆய்வில் 'டேக்' என்று ஒரு வரைபடம் உண்டு. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு புள்ளி. ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்று நாம் கருதினால் இதிலிருந்து அதற்கு ஓர் அம்பு. அம்புகள் ஒரு திசையில் மட்டுமே போகும். எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினாலும் சுற்றி அதே புள்ளிக்குத் திரும்ப முடியாது. அவ்வளவுதான் விதி. அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1920களிலேயே இப்படி அம்பு வரைந்து கணக்குப் போட்டார். 1980களிலிருந்து ஜூடியா பேர்ல் அதை முறையான கோட்பாடாக வளர்த்தார்.

நம் கதைக்கு வரைவோம். சாதியிலிருந்து படிப்புக்கு ஓர் அம்பு. படிப்பிலிருந்து சம்பளத்துக்கு ஓர் அம்பு. சாதியிலிருந்து நேராகச் சம்பளத்துக்கு இன்னோர் அம்பு; அதுதான் வேலை கொடுப்பவர் பெயரையும் ஊரையும் விசாரித்துவிட்டுச் சம்பளத்தைக் குறைக்கும் பாகுபாடு. பிறக்கும்போதே ஒட்டிவிடுவதால், ஒருவருடைய வாழ்க்கையில் பின்னால் நடக்கும் எதிலிருந்தும் அவருடைய சாதிக்கு அம்பு போக முடியாது. பட்டம் வாங்கினால் சாதி மாறுவதில்லை.

இந்த வரைபடத்தில் நடுவில் நிற்கும் ஒரு மாறி மூன்று விதமாக நிற்கலாம். மூன்றையும் 'கன்ட்ரோல்' என்ற ஒரே சொல்லால் நடத்துவதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

முதல் வகை பொதுக்காரணம். நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் அம்பு போகும். மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு, கேரளத்தில் 9.1 விழுக்காடு. நாட்டிலேயே கிராமப்புறக் கூலி அதிகம் உள்ள மாநிலங்களில் கேரளம் முன்னால் நிற்கிறது. இந்தியா முழுவதையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால், மாநிலங்களின் கூலி வேறுபாடு சாதி இடைவெளிக்குள் வந்து கலந்துவிடும். எனவே மாநிலத்தை நிலையாக வைத்து, கேரளத்துக்குள் கேரளத்தையும் பஞ்சாபுக்குள் பஞ்சாபையும் ஒப்பிடுவது சரி. இங்கே கன்ட்ரோல் செய்வது அழுக்கைக் கழுவுவது.

இரண்டாவது வகை மீடியேட்டர், அதாவது இடைவழி. சாதியிலிருந்து படிப்புக்கு, படிப்பிலிருந்து சம்பளத்துக்கு என்று ஒரே திசையில் அம்பு ஓடும்போது நடுவில் நிற்கும் படிப்பு ஒரு மீடியேட்டர். சாதி தன் வேலையைச் செய்கிற வழியே அதுதான். அதை நிலையாக வைத்தால் அந்த வழி அடைபடும். சாதி அதன் வழியாகச் செய்த சேதமெல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

எங்கள் டெல்டாவில் இதை விளக்கப் புத்தகம் வேண்டாம். மேல்மடைக்காரர் மடையை அடைத்துவிட்டார், கடைமடை காய்ந்தது. "இரண்டு வயலுக்கும் வந்த தண்ணீரின் அளவை நிலையாக வைத்துப் பார்த்தால், மேல்மடை அடைத்ததால் கடைமடை விளைச்சலுக்குப் பாதிப்பே இல்லை" என்று ஒருவர் அறிக்கை எழுதினால் என்ன சொல்வோம்? அவர் கணக்கு தப்பில்லை. தண்ணீர் சமமாக வந்த வயல்களில் விளைச்சலும் சமமாகத்தான் இருக்கும். ஆனால் மடையை அடைத்ததே தண்ணீரை நிறுத்தத்தானே! படிப்பை நிலையாக வைத்தால் சாதி மறைகிறது என்பவர் சாதி இல்லை என்று நிறுவவில்லை. சாதி எந்த வாய்க்கால் வழியாக வேலை செய்கிறது என்பதைத்தான், தன்னை அறியாமல், நிறுவியிருக்கிறார்.

பெற்றோர் வருமானத்துக்கும் இதுவே பொருந்தும். "அது சாதி இல்லை, வர்க்கம்" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அகமணமுறை இருக்கும் நாட்டில் என் சாதிதான் என் அப்பாவின் சாதி, என் தாத்தாவின் சாதி. அப்பாவின் கையில் இருந்த பணமும் தாத்தாவின் கையில் இல்லாத நிலமும் சாதி ஏற்கெனவே செய்து முடித்த வேலைகள். 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று ஊருக்கு ஊர் கேட்டுப் பாருங்கள். அந்தக் கைமாற்றத்தை 'நிலையாக' வைத்துவிட்டுச் சாதியைத் தேடுவது, திருட்டுப் பொருளை ஓரமாக வைத்துவிட்டுத் திருடனைத் தேடுவது போல. வேலை வகையை நிலையாக வைப்பதும் அப்படியே. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே வாதிட்டார். தொழிலைக் கன்ட்ரோல் செய்வது சாதியின் ஒரு பாதியையே கன்ட்ரோல் செய்வது.

இதுவரை சொன்னதைப் பேராசிரியரும் ஓரளவு ஒப்புக்கொள்வார். "சரி தம்பி, மொத்த விளைவு வேற, நேரடி விளைவு வேற. நான் கேக்கறது நேரடி விளைவு. ஒரே படிப்பு உள்ள ரெண்டு பேர்ல வேலை குடுக்கறவன் பாகுபாடு பாக்கறானா? அதுக்குப் படிப்ப கன்ட்ரோல் பண்ணித்தானே ஆகணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கும் அந்தக் கணக்கு சரியான பதில் தராது. காரணம், மூன்றாவது வகை.

இரண்டு அம்புகள் முட்டும் இடம்

மூன்றாவது வகைக்குப் பெயர் கொலைடர்; முட்டுமுனை என்று சொல்லலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் அம்புகள் வந்து நடுப்புள்ளியில் முட்டும். இதன் குணம் மற்ற இரண்டுக்கும் நேரெதிர். சும்மா விட்டால் இந்த வழி அடைபட்டே இருக்கும், எந்தத் தொல்லையும் தராது. நாம் போய் அதை நிலையாக வைத்தால்தான் திறந்துகொள்ளும். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு காரணங்களுக்கு இடையே, நாமே ஒரு பொய்த் தொடர்பை உண்டாக்கிவிடுவோம்.

மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு. 1971இல் ஜேக்கப் எருஷால்மி என்ற அமெரிக்க ஆய்வாளர் புகைபிடிக்கும் தாய்மார்களின் குழந்தைகளைப் பற்றி எழுதினார். புகைபிடித்தால் குழந்தையின் பிறப்பு எடை குறைகிறது. எடை குறைந்த குழந்தைகள் அதிகம் இறக்கின்றன. ஆனால் 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், புகைபிடிக்காத தாயின் குழந்தையைவிடப் புகைபிடிக்கும் தாயின் குழந்தை அதிகம் பிழைக்கிறது! அப்படியானால் புகை நல்லதா?

இல்லை. குழந்தையின் எடை குறையப் பல காரணங்கள் உண்டு. தாயின் புகை ஒன்று, பிறவிக் குறைபாடு போன்ற கடுமையான சிக்கல்கள் இன்னொன்று. இரண்டு அம்புகளும் 'குறைந்த எடை' என்ற புள்ளியில் முட்டுகின்றன. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் ஒரு அறையில் கூட்டினால், புகைபிடிக்கும் தாயின் குழந்தை ஏன் அங்கே வந்தது என்பதற்குப் புகையே போதிய காரணம். புகைபிடிக்காத தாயின் குழந்தை அங்கே வந்திருந்தால், அதற்கு வேறு ஏதோ காரணம் இருந்தாக வேண்டும். அது பெரும்பாலும் புகையைவிடக் கொடியது. எனவேதான் அந்த அறைக்குள் புகை பாதுகாப்பானதாகத் தெரிகிறது. இந்தப் புதிருக்கு அம்புகளை வரைந்து விடை சொன்ன கட்டுரை 2006இல்தான் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்!

இப்போது நம் வரைபடத்துக்குத் திரும்புவோம். படிப்புக்குச் சாதியிலிருந்து மட்டும்தான் அம்பு வருகிறதா? இல்லை. அக்கறையுள்ள ஓர் ஆசிரியர், வெளியூரில் தங்க இடம் கொடுத்த சித்தி, விழுந்தாலும் எழும் பிடிவாதம், இப்படிக் கணக்கெடுப்புப் படிவத்தில் கட்டமே இல்லாத ஏதோ ஒன்றும் படிப்பைத் தீர்மானிக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் 'பிடிமானம்' என்று பெயர் வைப்போம். பிடிமானம் உள்ளவருக்குப் படிப்பும் கிடைக்கும், வேலையிலும் முன்னேற்றம் கிடைக்கும். ஆகவே பிடிமானத்திலிருந்து படிப்புக்கு ஓர் அம்பு, சம்பளத்துக்கு ஓர் அம்பு.

படத்தைப் பாருங்கள். சாதியிலிருந்து ஓர் அம்பு, பிடிமானத்திலிருந்து ஓர் அம்பு, இரண்டும் படிப்பில் முட்டுகின்றன. அதாவது படிப்பு ஒரே நேரத்தில் மீடியேட்டரும் கொலைடரும். அதை நிலையாக வைத்த கணத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன: சாதியின் ஒரு வழி அடைபடுகிறது, சாதிக்கும் பிடிமானத்துக்கும் இடையே ஒரு பொய் வழி திறக்கிறது.

இருநூறு பேர்

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் எடுத்தவை அல்ல.

தலித் அல்லாத இளைஞர்கள் 100 பேர், தலித் இளைஞர்கள் 100 பேர். இரண்டு பக்கமும் சரிபாதி, 50 பேருக்குப் பிடிமானம் உண்டு. அதில் எந்த ஏற்றத்தாழ்வும் வைக்கவில்லை. தலித் அல்லாதவர்களில் பிடிமானம் உள்ள 50 பேரும் கல்லூரிக்குப் போகிறார்கள். இல்லாதவர்களிலும் 30 பேர் போய்விடுகிறார்கள். தலித்துகளில் பிடிமானம் உள்ளவர்களில் 40 பேர் போகிறார்கள். இல்லாதவர்களில் ஒருவரும் போக முடிவதில்லை.

சம்பளத்தின் அடித்தளம் 10,000 ரூபாய். பட்டம் இருந்தால் 10,000 கூடும். பிடிமானம் இருந்தால் 8,000 கூடும். தலித் என்றால், வேறு எந்தக் காரணமும் இல்லாமல், 2,000 குறையும். அந்த 2,000தான் நேரடிப் பாகுபாடு. அதை நானே கணக்குக்குள் வைத்துவிட்டேன். கன்ட்ரோல் முறை அதைக் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

கன்ட்ரோல் எதுவும் இல்லாமல் சராசரி எடுத்தால் தலித் அல்லாதவர்களுக்கு 22,000, தலித்துகளுக்கு 16,000. இடைவெளி 6,000. இதில் 4,000 கல்லூரி வழியாக வருவது. 80 பேர் போன இடத்தில் 40 பேர்தான் போனார்கள் என்பதன் விலை அது. மீதி 2,000 நேரடிப் பாகுபாடு. கணக்கு நேராக நிற்கிறது.

இப்போது பேராசிரியர் சொன்னபடி படிப்பை நிலையாக வைப்போம். பட்டதாரிகளை மட்டும் பார்த்தால் தலித் அல்லாத 80 பேரின் சராசரி 25,000. தலித் பட்டதாரிகள் 40 பேரின் சராசரி 26,000. தலித்துகளுக்கு 1,000 ரூபாய் அதிகம்! பட்டம் இல்லாதவர்களில் தலித் அல்லாதவர்களுக்கு 10,000, தலித்துகளுக்குச் சுமார் 9,333, சிறிய இடைவெளி. இரண்டையும் சேர்த்து ரிக்ரெஷன் ஒரே எண்ணாகச் சொல்லும்: சாதியால் 400 ரூபாய் லாபம். நான் கையால் எழுதி உள்ளே வைத்த 2,000 ரூபாய்ப் பாகுபாடு எங்கே? காணாமல் போனது மட்டுமல்ல, சலுகையாகவே மாறிவிட்டது.

ஏன் என்று நமக்குத் தெரியும். தலித் பட்டதாரிகள் 40 பேரும் பிடிமானம் உள்ளவர்கள். அது இல்லாமல் அவர்கள் அந்த வாசலைத் தாண்டியிருக்கவே முடியாது. மறுபக்கம் 80 பட்டதாரிகளில் 30 பேர் பிடிமானம் இல்லாமலே வந்தவர்கள். 'ஒரே படிப்பு உள்ளவர்கள்' என்று நாம் ஒப்பிட்டது, சலித்து எடுத்த 40 பேரையும் சலிக்காமல் வந்த 80 பேரையும். சலித்தவர்கள் 8,000 ரூபாய் அளவுக்குத் திறமையாக உழைத்து, 2,000 ரூபாய் பறிகொடுத்து, அப்படியும் சராசரியில் ஒரு படி மேலே நிற்கிறார்கள். பறிகொடுத்தது அட்டவணையில் தெரிவதில்லை.

கணினி வைத்திருப்பவர்கள் ஆர் மொழியில் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
d <- data.frame(
  dalit   = c(0, 0, 0, 1, 1, 1),
  college = c(1, 1, 0, 1, 0, 0),
  support = c(1, 0, 0, 1, 1, 0),
  n       = c(50, 30, 20, 40, 10, 50))
d$wage <- 10000 + 10000*d$college + 8000*d$support - 2000*d$dalit

coef(lm(wage ~ dalit, data = d, weights = n))["dalit"]
coef(lm(wage ~ dalit + college, data = d, weights = n))["dalit"]
coef(lm(wage ~ dalit + college + support, data = d, weights = n))["dalit"]
```

மூன்று வரிகளும் முறையே -6000, 400, -2000 என்று தரும். முதலாவது மொத்த விளைவு. மூன்றாவது நேரடி விளைவு. பிடிமானத்தையும் அளந்து உள்ளே வைத்ததால் பொய் வழி மறுபடி அடைபட்டது. நடுவில் உள்ள 400 எதற்கும் பதில் அல்ல. அது மொத்த விளைவும் இல்லை, நேரடி விளைவும் இல்லை. ஆனால் பத்திரிகைகளில் 'கன்ட்ரோல் செய்த பிறகு' என்று வரும் எண் பெரும்பாலும் இந்த நடுவரிசை எண்தான். பிடிமானத்துக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் கட்டம் இல்லையே.

கன்ட்ரோல் என்ற சொல்லே இல்லாமலும் நடக்கும்

கொலைடரை நிலையாக வைக்க ரிக்ரெஷன்கூடத் தேவையில்லை. யாரைக் கணக்கில் சேர்த்தோம் என்பதே போதும். "எங்கள் வளாகத்தில் சர்வே எடுத்தோம், மாணவர்களிடையே சாதி வேறுபாடு தெரியவில்லை" என்றால், வளாகத்துக்குள் வந்து சேர்ந்தவர்களை மட்டுமே கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். உள்ளே நுழைவதே முட்டுமுனை.

அமெரிக்காவில் இதே சண்டை இனவாதத்தைப் பற்றி நடந்தது. காவல்துறைப் பதிவுகளை வைத்து ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார அறிஞர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தள்ளுவது, விலங்கிடுவது போன்ற பலப்பிரயோகத்தில் கறுப்பின மக்களுக்கு எதிரான வேறுபாடு தெரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் தெரியவில்லை. அந்த இரண்டாம் பாதி செய்தியாகப் பறந்தது. 2020இல் நாக்ஸ், லோவ், முமோலோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்த வகைப் பதிவுகளின் அடிப்படையையே கேள்வி கேட்டார்கள். பதிவில் இருப்பவர்கள் காவலர் தடுத்து நிறுத்தியவர்கள் மட்டும். கறுப்பினத்தவரை அற்பக் காரணத்துக்கும் நிறுத்துகிறார்கள், வெள்ளையரைக் கடுமையான காரணம் இருந்தால்தான் நிறுத்துகிறார்கள் என்றால், பதிவேட்டில் உள்ள கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒப்பிடத்தக்கவர்களே அல்ல. நிறுத்துவதில் உள்ள பாகுபாடே, நிறுத்திய பிறகு நடக்கும் பாகுபாட்டை மூடி மறைத்துவிடும். அம்புகளை வரைந்தால் நம் இருநூறு பேரின் கதைதான் இது.

அப்படியானால் நேரடிப் பாகுபாட்டை அளப்பது எப்படி?

முட்ட வரும் ஓர் அம்பை வெட்டிவிட்டால் அளக்கலாம். அதைத்தான் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் செய்தார்கள். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள், ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு: ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வருவதற்கான வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

இந்த ஆய்வின் பலம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இங்கே விண்ணப்பதாரருக்குப் பட்டத்தைக் கொடுத்தது சாதியும் அல்ல, பிடிமானமும் அல்ல, ஆய்வாளரின் பேனா. படிப்புக்கு வரும் அம்புகள் அறுந்துவிட்டன. எனவே முட்டுமுனை இல்லை, சலித்தவர் சலிக்காதவர் என்ற கலப்பும் இல்லை. மிச்சம் இருப்பது பெயரிலிருந்து அழைப்புக்குப் போகும் ஒற்றை அம்பு. 'மறைந்துவிட்டது' என்று சொன்ன அம்பு அங்கேயே இருந்தது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு முதல் வாசலை மட்டும் அளக்கிறது. நேர்காணல், சம்பளப் பேச்சு, பதவி உயர்வு எதுவும் இதில் இல்லை. எல்லாருக்கும் பட்டத்தைத் தாளில் கொடுத்துவிட்டதால், பட்டம் கிடைக்காமல் போன இழப்பும் இதில் இல்லை. ஆகவே இது சாதியின் முழு எடை அல்ல. ஒரு வாசலில் வைத்த தராசு.

அம்பு வரைவதற்கும் எல்லை உண்டு. எந்த அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று எண்கள் மட்டும் சொல்லிவிடாது. படிப்பைப் பொதுக்காரணமாக வரைந்தாலும் மீடியேட்டராக வரைந்தாலும் எண்கள் ஒரே மாதிரி இருக்கலாம். எது முன்னால் நடந்தது, ஊரில் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்ற அறிவிலிருந்துதான் அம்பு வரும். என் உதாரணத்தில் பிடிமானம் இரண்டு பக்கமும் சமம் என்று வைத்தேன். உண்மையில் அதற்கும் சாதியிலிருந்து ஓர் அம்பு போகலாம். அக்கறையுள்ள ஆசிரியர் எந்தத் தெருப் பிள்ளைக்கு வாய்க்கிறார்? அப்படியானால் எண்கள் மாறும், சில நேரம் பிழை எதிர்த் திசையில்கூடச் சாயும். அதனால்தான் நேர்மையான ஆய்வாளர், அளக்காத அந்த ஒன்று எவ்வளவு வலுவாக இருந்தால் தன் முடிவு கவிழும் என்பதையும் கணக்கிட்டுச் சேர்த்து எழுதுவார். வரைபடம் நம் பக்கம் பேசும் என்பதற்காக நான் அதைக் கேட்கவில்லை. அனுமானத்தை மேசை மீது வை, எல்லாரும் பார்க்கட்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

எனவே அடுத்த முறை யாராவது "கன்ட்ரோல் பண்ணினால் சாதி மறைகிறது" என்றால், கோபப்படும் முன் அவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். எதைக் கன்ட்ரோல் செய்தீர்கள், அது சாதிக்கு முன்னால் நின்றதா, பின்னால் வந்ததா? பின்னால் வந்தது என்றால் நீங்கள் கேட்டது மொத்த விளைவா, நேரடி விளைவா? நேரடி விளைவு என்றால், நீங்கள் நிலையாக வைத்ததையும் சம்பளத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும் வேறெதையெல்லாம் அளந்தீர்கள்? இந்த மூன்றுக்கும் வரைந்து பதில் சொல்லாதவரின் அட்டவணையில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், இல்லாவிட்டாலும், அதற்குப் பொருள் இல்லை.

என் அத்தியாயத்தில் இப்போது மூன்று வரிசைகளும் இருக்கின்றன. அதற்கு மேலே அம்புப் படம் இருக்கிறது. நடுவரிசையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன், அது ஏன் எதற்கும் பதில் அல்ல என்று. பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அந்த இருநூறு பேரில் ஒரு சிறு கட்டத்தை மட்டும் நான் அடிக்கடி பார்ப்பேன். தலித், பிடிமானம் உண்டு, கல்லூரி இல்லை: 10 பேர். என் அண்ணன் என்னைவிட நன்றாகப் படித்தவன். பத்தாவதில் பள்ளியில் கையில் கட்டிய கயிற்றை வைத்து ஒரு சண்டை. அடிபட்டது இவன், மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் இவன். அந்த மாதமே திருப்பூருக்குப் பஸ் ஏறினான். இன்று பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு மூன்று ஆண்டு விடுதிக் கட்டணம் கட்டியது அவன் சம்பளம்தான். அதாவது என் பிடிமானம் அவன்.

படிப்பை நிலையாக வைத்தால் அட்டவணையில் நான் பட்டதாரிகளோடு நிற்பேன், அவன் படிக்காதவர்களோடு நிற்பான். இரண்டு இடத்திலும் சாதி தெரியாது. எங்கள் இருவருக்கும் இடையே நடந்தது எதுவோ, அதைத்தான் அந்தக் கணக்கு 'நிலையாக' வைக்கிறது.